குளம் நிறைந்த பிறகு

கேள்வி: "எனக்கு 27 வயது, ஊர் வள்ளியூர் பக்கம். காதலிக்க ஆரம்பித்த முதல் வருஷம் நானே இரண்டு மடங்கு பெரிசாகிவிட்ட மாதிரி இருந்தது. இப்போது மூன்று வருஷம் ஆகிறது. அவரிடம் குறை ஒன்றும் இல்லை, சண்டையும் இல்லை. ஆனால் அந்த உணர்வு இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கிறார்கள். காதல் போய்விட்டதா? செல்ஃப் எக்ஸ்பான்ஷன் தியரி என்று ஒன்றைப் படித்தேன். அது இதற்கு என்ன சொல்கிறது?"

நீங்கள் கோட்பாட்டைக் கேட்டிருந்தாலும் உங்களுக்கு வேண்டியது ஒரு முடிவு. கல்யாணத்துக்குச் சரி சொல்லலாமா என்பதுதான் உள்ளே கிடக்கிற கேள்வி என்று நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் 18 வருஷமாகத் தம்பதிகளுக்கும் காதலர்களுக்கும் உளவியல் ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்தக் கோட்பாடு உங்கள் கேள்வியில் பாதிக்கு நன்றாகப் பதில் சொல்லும், மறுபாதிக்குச் சொல்லாது. எது எந்தப் பாதி என்று பிரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

கோட்பாட்டை முன்வைத்தவர்கள் ஆர்தர் ஆரன், எலைன் ஆரன் என்ற அமெரிக்கக் கணவன் மனைவி. இருவரும் உளவியலாளர்கள். 1986ல் இதைப் புத்தகமாக எழுதினார்கள். தமிழில் தன்விரிவு என்று சொல்லலாம். அவர்கள் சொல்வது இதுதான். பசி, தூக்கம், பாதுகாப்பு போலவே மனிதருக்கு இன்னொரு அடிப்படை ஆசையும் உண்டு. நேற்று முடியாத ஒன்று இன்று முடிய வேண்டும், இன்னும் கொஞ்சம் கையில் வர வேண்டும் என்கிற ஆசை. படிப்பு, வேலை, பயணம் எல்லாமே அதற்கு வழிதான். ஆனால் மிக வேகமான வழி, இன்னொரு மனிதரோடு நெருங்குவது. நெருங்கும்போது அவருடைய வசதிகளும் திறமைகளும், உலகத்தைப் பார்க்கிற பார்வையும், அவர் யார் என்கிற அடையாளமும் கொஞ்சம் கொஞ்சமாக நம்முடையவை போல ஆகிவிடுகின்றன. அவர் அண்ணன் மெக்கானிக் என்றால் உங்கள் ஸ்கூட்டி நின்றுபோனால் பயம் இல்லை. அவர் ஊர்க் கோயில் கொடையில் உங்களுக்கும் ஓர் இடம் இருக்கிறது. அவர் அரசியல் பேசும் விதம் செய்தித்தாளைத் திறக்கும்போது உங்கள் தலைக்குள்ளும் ஓடுகிறது. நீங்கள் உணர்ந்த "இரண்டு மடங்கு" என்பது வெறும் கற்பனை இல்லை என்று கோட்பாடு சொல்கிறது.

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1995ல் வெளியான ஆய்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை எடுத்துக்கொண்டு, பத்து வாரத்தில் ஐந்து முறை, மூன்று நிமிஷம் கொடுத்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "இன்று நீங்கள் யார்?" மனதில் பட்டதையெல்லாம் எழுத வேண்டும். அந்தப் பத்து வாரத்துக்குள் சிலர் காதலில் விழுந்தார்கள். காதலுக்கு முன்னும் பின்னும் அவர்கள் எழுதிய தாள்களை ஒப்பிட்டபோது, பின்னால் எழுதியதில் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வகைகள் கூடியிருந்தன. காதலில் விழாதவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. 529 பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வில், காதலுக்குப் பிறகு தன்மதிப்பும், "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையும் ஏறியிருந்தன. வெறும் சந்தோஷ மனநிலையால் இப்படி எழுதுகிறார்களோ என்ற சந்தேகத்தையும் கணக்கில் எடுத்துக் கழித்தே முடிவுக்கு வந்தார்கள்.

இந்த ஆய்வை நான் நம்புவதற்குக் காரணம், அது காதல் வருவதற்கு முன்பே அளக்கத் தொடங்கியது. "காதலிக்கும் முன் எப்படி இருந்தீர்கள்?" என்று பிறகு கேட்டால் எல்லோரும் கதை சொல்வார்கள். இங்கே கையில் பழைய தாள் இருந்தது. ஆனால் அது பத்து வார ஆய்வு. மூன்றாம் வருஷத்தைப் பற்றி அதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் சிக்கல் மூன்றாம் வருஷத்தில்தான் இருக்கிறது.

அதற்குப் போகும் முன் இன்னொரு சோதனையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேர்ந்தது எங்கே போய் உட்காருகிறது என்று அது காட்டுகிறது. 1991ல் கணவன் மனைவியரிடம் குணங்களைச் சொல்லும் சொற்களைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, "நான்" அல்லது "நான் இல்லை" என்று பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இருவருக்கும் பொதுவான குணம் வந்தபோது பதில் சட்டென்று வந்தது. ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்ற குணம் வந்தபோது விரல் கொஞ்சம் தயங்கியது. கணவர் நிதானமானவர், மனைவி படபடப்புக்காரி என்றால், "நிதானம்" என்ற சொல்லைப் பார்த்து "நான் இல்லை" என்று அழுத்த அந்த மனைவிக்குக் கூடுதலாக ஒரு நொடியின் சிறு பங்கு தேவைப்பட்டது. "நான்" என்று தேடப் போன இடத்தில் அவரும் இருந்திருக்கிறார் என்று ஆரன் குழுவினர் விளக்கினார்கள். இந்தத் தயக்கம் உணர்ச்சிப் பெருக்கு இல்லை. அன்றாடம் சேர்ந்து இருப்பவர்களிடம், பரபரப்பு அடங்கிப்போனவர்களிடமும் இது இருக்கலாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கோட்பாட்டைப் படிப்பவர்கள் அதிகம் தவறவிடுகிற ஓர் இடம் உண்டு. பெரிதாக இருப்பது ஒன்று, பெரிதாகிக்கொண்டிருப்பது வேறு. அந்த முதல் வருஷக் கிளர்ச்சியைத் தருவது இரண்டாவதுதான், அதுவும் வேகமாக நடக்கும்போது. நம் பக்கத்து ஆள் ஒருவருக்கு இதை விளக்க எனக்குக் குளத்தை விட நல்ல வழி தெரியவில்லை. பிசான நெல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, திருநெல்வேலிக் கால்வாய் வழியாக நயினார்குளத்துக்குத் தண்ணீர் வருகிற நாட்களில் கரையில் போய் நின்று பார்த்திருக்கிறீர்களா? காய்ந்து வெடித்த தரை முதலில் நனையும், காலையில் தெரிந்த கல் சாயங்காலம் தெரியாது. ஆட்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். நிறைந்த பிறகு அதே கரையில் யாரும் நிற்பதில்லை. வயலுக்குப் பாய்வது நிறைந்த தண்ணீர்தான், ஆனாலும் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் நடப்பதில்லை. காதலின் முதல் வருஷத்தில் நாம் உணர்வது தண்ணீர் ஏறுகிற வேகம். ஒருவரைப் புதிதாக அறியும்போது ஒவ்வொரு நாளும் ஏதாவது சேர்கிறது. அவரை ஓரளவு முழுதாக அறிந்தபிறகு சேர்வதற்குக் குறைவாகத்தான் இருக்கும். அப்போது உணர்வு இறங்குவது, கோட்பாட்டின்படி, எதிர்பார்க்க வேண்டிய விஷயம்.

ஆகவே "அந்த உணர்வு இல்லை" என்பதை வைத்து மட்டும் காதல் போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது. இது நான் உறுதியாகச் சொல்கிற பாதி. ஆனால் அந்த உணர்வு இல்லாமல் போனதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். தண்ணீர் நிறைந்து நின்றிருக்கலாம், அல்லது கீழே வடிந்துகொண்டிருக்கலாம். கரையில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டுமே "ஏறவில்லை" என்றுதான் தெரியும். இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு தம்பதியின் கதையோடு சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண் திசையன்விளைப் பக்கம், தேரி மணலில் வளர்ந்தவர். குடும்பத்தில் பனைத்தொழில். கணவர் அம்பாசமுத்திரத்துக்காரர், ஆற்றில் வளர்ந்தவர், பறவை பார்க்கிற பழக்கம் உள்ளவர். காதல் கல்யாணம், நாலாவது வருஷம் என்னிடம் வந்தார்கள். "அவியள ஒரு கொறை சொல்ல முடியாதுக்கா. ஆனா பேசதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அந்தப் பெண். "எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு, இவதான் ஏதோ சொல்லுதா" என்றார் கணவர். சண்டை இல்லை, குடி இல்லை, வீட்டார் தொல்லை இல்லை. இப்படி வருகிறவர்களைப் பேசவைப்பது கடினம், ஏனென்றால் சொல்லிக்காட்டக் குறை ஒன்றும் இல்லாததால் சலிப்பைச் சொல்லவே கூச்சப்படுவார்கள்.

இருவருக்கும் தனித்தனியாக ஒரு தாள் கொடுத்து அந்த மூன்று நிமிஷக் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பெண் 19 வரி எழுதினார். பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு குறிப்பு போடச் சொன்னேன். இது எந்த வருஷம் முதல்? இது யார் வழியாக வந்தது? இந்த இரண்டு குறிப்புகளும் ஆய்வில் உள்ளவை இல்லை, நானாகச் சேர்த்துக்கொண்டவை. 19ல் ஆறு வரி கணவர் வழியாக வந்தவை. "நீச்சல் தெரியும்" என்பது ஒன்று. தேரிக்காட்டுப் பெண்ணுக்கு அது சாதாரண விஷயம் இல்லை, 25 வயதில் தாமிரபரணியில் கற்றுக்கொண்டிருக்கிறார். "கூந்தன்குளத்தில் கூழைக்கடாவையும் மஞ்சள்மூக்கு நாரையையும் தூரத்திலேயே பிரித்துச் சொல்வேன்" என்பது இன்னொன்று. மாமியாரிடம் பழகிய சொதிக் குழம்பு இன்னொன்று. ஆறுமே முதல் ஒன்றரை வருஷத்துக்குள் வந்தவை. அதற்குப் பிறகு கணவர் வழியாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் கடைசி இரண்டு வருஷத்தில் வேறு இடத்திலிருந்து மூன்று வரி வந்திருந்தன, அலுவலகப் பயிற்சி ஒன்றிலிருந்தும் ஒரு தோழியிடமிருந்தும். அந்த மூன்றும் கணவருக்குத் தெரியவே தெரியாது.

கணவர் தாளிலும் அதே கதை. கடன், வட்டி என்றாலே பயந்தவர் மனைவியிடம் கணக்குப் பார்க்கக் கற்றிருந்தார். பதநீரை எப்போது இறக்கிக் கருப்பட்டிக்கு எப்போது காய்ச்சுவது என்பதெல்லாம் சொல்கிற அளவுக்கு வந்திருந்தார். எல்லாம் பழைய வருஷங்கள். இப்போது வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு படம், ஓர் ஓட்டல், வீடு.

இந்தத் தாள்களில் நான் முதலில் பார்த்தது, சேர்ந்தவை இன்னும் இருக்கின்றனவா என்பதை. இருந்தன. நீச்சல் அந்தப் பெண்ணுடையதாகவே ஆகிவிட்டது, "அவர் சொல்லிக்கொடுத்த நீச்சல்" என்றுகூட எழுதவில்லை. குளம் நிறைந்துதான் நிற்கிறது, வரத்து மட்டும் நின்றுபோயிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க முடிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டால், இனி வருவது இருவருக்குமே தெரியாத ஒன்றிலிருந்துதான் வர வேண்டும்.

இதற்கும் ஆய்வு உண்டு. 1993ல் 53 தம்பதிகளை மூன்று குழுவாகக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் ஒன்றரை மணி நேரம் தங்களுக்குக் கிளர்ச்சி தருகிற காரியத்தைச் சேர்ந்து செய்ய வேண்டும். இரண்டாவது குழு அதே நேரம், ஆனால் இதமான, பழகிய காரியம். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. பத்து வாரம் கழித்து முதல் குழுவில் மணவாழ்க்கைத் திருப்தி, இதமான காரியம் செய்த குழுவைவிடக் கூடியிருந்தது. சேர்ந்து நேரம் செலவழித்தால் போதும் என்கிற அறிவுரை எல்லோரும் சொல்வது, நானும் ஒரு காலத்தில் சொன்னது. வெறும் நேரம் போதாது என்று இது காட்டுகிறது. 2000ல் வந்த இன்னொரு ஆய்வில், தம்பதிகளின் கையையும் காலையும் ஒன்றாகக் கட்டி, உருளைத் தலையணை ஒன்றை இருவர் உடலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அதைக் கையால் பிடிக்காமல் மெத்தைமேல் தவழ்ந்து போகச் சொன்னார்கள். வெறும் ஏழு நிமிஷ வேலை. அதற்குப் பிறகு உறவைப் பற்றி அவர்கள் சொன்ன மதிப்பீடு, மந்தமான வேலை செய்த தம்பதிகளுடையதைவிட உயர்ந்திருந்தது.

இந்த இரண்டிலிருந்தும் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? புதுமை உதவுகிறது என்பது ஓரளவு உறுதி. ஆனால் உதவுவது புதுமையா, உடம்புக் கிளர்ச்சியா, கஷ்டப்பட்டு ஒன்றைச் சாதித்ததா, கூடச் சிரித்ததா என்பதை இந்த ஆய்வுகள் முழுதாகப் பிரித்துக் காட்டவில்லை. ஏழு நிமிஷத்து ஏற்றம் ஏழு மாதம் நிற்கும் என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. தானாக முன்வந்து ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. வீட்டில் அடிதடி நடக்கிற தம்பதிக்கு இதைச் சொல்லிப் பயனில்லை, ஆபத்துகூட.

நான் அந்தத் தம்பதிக்கு, 1993 ஆய்வை ஒட்டி, பத்து ஞாயிறு, ஒன்றரை மணி நேரம் என்று சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை: இருவருக்குமே தெரியாததாக இருக்க வேண்டும். முதலில் அவர்கள் பறவை பார்க்கப் போனார்கள், அதுதான் பழக்கம் என்பதால். கணவர் வழக்கம்போல் ஆசிரியர் ஆகிவிட்டார், மனைவி வழக்கம்போல் மாணவி. இரண்டு வாரத்தில் சலிப்பு. இது எல்லோரும் செய்கிற தவறு. ஒருவர் தெரிந்தவராகவே இருந்தால் மற்றவருக்குச் சேரலாம், அவருக்கு ஒன்றும் சேராது. அப்புறம் பத்தமடையில் தெரிந்தவர் ஒருவர் வழியாக, கோரைப்பாய் நெய்கிற ஓர் அம்மாவிடம் போனார்கள். கோரை காய்ந்திருந்தால் ஒடியும், பதம் தெரிய வேண்டும். கணவருக்குக் கை வரவேயில்லை, வரிசை கோணிக்கொண்டே போனது. மனைவிக்குக் கொஞ்சம் வந்தது. பத்து வாரத்தில் ஏழு வாரம்தான் செய்தார்கள். முழுப் பாய் முடியவில்லை, ஒரு முழ நீளத்துக்கு ஒரு துண்டு இருக்கிறது. "அவிய தோத்துப்போறத இப்பதான் மொதத்தடவ பாக்கேன்" என்று அந்தப் பெண் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்கு வருஷத்தில் அறியாத ஒன்றை அந்த மனிதரிடம் அன்று அறிந்திருந்தார். மறுபடி தாள் எழுதச் சொன்னபோது இரண்டு வரி புதிதாக இருந்தது. ஒன்று பாய், மற்றொன்று "நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பவள்". முதல் வருஷக் கிளர்ச்சி திரும்பி வந்ததா என்றால், இல்லை. பேச விஷயம் வந்தது. பாய் வேலையால்தான் வந்ததா, வாரம் ஒருமுறை என்னிடம் உட்கார்ந்து பேசியதால் வந்ததா என்பதை ஒரே ஒரு தம்பதியை வைத்துச் சொல்ல முடியாது.

இப்போது வடிகிற குளத்தைப் பற்றி. 2014ல் மாட்டிங்லி, லெவண்டோவ்ஸ்கி, மக்கின்டைர் என்ற உளவியலாளர்கள் மூவரும் இந்தக் கோட்பாட்டுக்கு அவசியமான ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். உறவால் நம்மில் நல்லது கூடலாம், கெட்டதும் கூடலாம். நல்லது குறையலாம், கெட்டதும் குறையலாம். நல்லது கூடுவதைத்தான் விரிவு என்கிறார்கள். கெட்டது குறைவதைக் களையெடுப்பு என்று சொல்லலாம், அதுவும் உறவுக்கு நல்லதுதான். அவர் வந்தபிறகு கோபம் குறைந்தது, கடன் வாங்குகிற பழக்கம் விட்டது என்பது போல. கெட்டது கூடுவது கலப்படம். நல்லது குறைவது சுருக்கம். நம் ஊரில் காதலிக்கிற பெண்களிடம் நான் அதிகம் கவலைப்படுவது சுருக்கத்தைப் பற்றித்தான், ஏனென்றால் அது விரிவோடு ஒரே நேரத்தில் நடக்கும். அவருடைய உலகம் முழுக்க உள்ளே வந்துகொண்டிருக்கும் மகிழ்ச்சியில், கபடி விட்டுப்போனதும், கல்லூரித் தோழிகளின் குழுவிலிருந்து விலகியதும், மேற்படிப்பு விண்ணப்பம் போடாமல் போனதும் தெரியாது. வரத்து நின்றபிறகுதான் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று தெரியும்.

அதனால் நீங்களும் அந்தத் தாளை எழுதுங்கள், ஆனால் இரண்டு தாளாக. முதலாவதில் இன்றைய நீங்கள், வருஷமும் வழியும் குறித்து. இரண்டாவதில், நான்கு வருஷத்துக்கு முன் உங்களைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தால் இருந்திருக்கக்கூடிய, இன்று இல்லாத வரிகள். அவை ஒவ்வொன்றும் ஏன் போயின? வேலை, வயது, நேரம் என்பதால் போனவை வேறு. அவருக்குப் பிடிக்கவில்லை என்பதால் போனவை வேறு. இரண்டாவது வகை ஒன்றிரண்டு இருந்தால் பேசித் தீர்க்கலாம். நிறைய இருந்து, அவற்றைப் பற்றிப் பேசவே பயமாக இருந்தால், அது சலிப்புப் பிரச்சினை இல்லை. பாய் நெய்து அதைச் சரிசெய்ய முடியாது. நினைவிலிருந்து எழுதுகிற தாள் என்பதால் இதற்கு ஆய்வின் நம்பகம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்தால் அந்த நாட்களில் கூட இருந்த ஒருவரிடம், அக்காவோ தோழியோ, சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி நேர்வதால் சொல்கிறேன். உறவில் வரத்து நின்ற சமயத்தில் புதிதாக ஒருவர் அறிமுகமானால், அவரோடு பேசும் ஒவ்வொரு பத்து நிமிஷமும் உங்களைப் பெரிதாக்குகிற மாதிரி இருக்கும். இவரைவிட அவர் பொருத்தமானவர் என்பதற்கு அது சான்று இல்லை. வெறும் குளத்தில் எந்தக் கால்வாய்த் தண்ணீர் வந்தாலும் வேகமாகத்தான் ஏறும். இவரும் முதல் வருஷத்தில் அதையேதான் தந்தார். உறவில் விரிவு குறைவாக இருப்பவர்களுக்கு மற்றவர்மேல் கவனம் போவது அதிகம் என்பதை ஆய்வுகளும் பார்த்திருக்கின்றன.

பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. லெவண்டோவ்ஸ்கியும் அவர் குழுவினரும் 2006ல் பார்த்தது, எந்த உறவு அதிகம் விரித்ததோ அது முறிந்தபோது "நான்" என்பதும் அதிகம் சுருங்கியது. அடுத்த வருஷம் வந்த ஆய்வில், அவ்வளவாக விரிக்காத உறவிலிருந்து வெளியே வந்த பலர், தங்களைத் திரும்பக் கண்டெடுத்ததாகவும் வளர்ந்ததாகவும் சொன்னார்கள். எனவே, பிரிந்துவிடலாமா என்று யோசிக்கும்போது, இன்றைய சலிப்பை மட்டும் எடைபோடாதீர்கள். இந்த மூன்று வருஷத்தில் சேர்ந்து உங்களில் தங்கியிருப்பது எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

கோட்பாடு சொல்லாத பாதி இங்கே தொடங்குகிறது. காய்ச்சலில் கிடக்கும்போது யார் கஞ்சி வைப்பார், உங்கள் சம்பளத்தை யார் முடிவு செய்வார், உங்கள் அம்மா தனியாகிவிட்டால் இவர் என்ன செய்வார், இதையெல்லாம் அளக்க இதில் கருவி இல்லை. நம்பிக்கை, பாதுகாப்பு பற்றி உளவியலில் வேறு கோட்பாடுகள் பேசுகின்றன, கல்யாணத்துக்கு அவையும் வேண்டும். மேலும் இங்கே நான் சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களையும் அங்குள்ள தம்பதிகளையும் வைத்துச் செய்தவை. "நான்" என்பதிலேயே அம்மா, தாய்மாமன், தெரு, சாதி சனம் எல்லாம் முன்பே அடங்கியிருக்கிற நம் ஊரில், புதிதாக ஒருவர் சேரும்போது அது அதே கணக்கில் நடக்கிறதா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. பார்த்து முடித்த கல்யாணங்களில், கல்யாணத்துக்குப் பிறகு அந்த முதல் வருஷ ஏற்றம் வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அது என் அறைக்குள் வந்தவர்களைப் பற்றிய அனுபவம் மட்டுமே.

வீட்டாரிடம் இரண்டு மூன்று மாதம் நேரம் கேளுங்கள். பத்து வாரம் அதற்குள் வந்துவிடும். தாளை நீங்கள் மட்டும் எழுதாமல் அவரையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் கேள்வி முழுவதும் அவர் உங்களுக்கு என்ன ஆனார் என்பதைப் பற்றியே இருக்கிறது. அவர் தாளில் உங்கள் வழியாக வந்த வரிகள் எத்தனை, அவற்றில் நீங்கள் அறியாமலே கொடுத்தவை எவை என்று நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.